நாலு பேரிலிருந்து நாற்பது அல்லீல்

சித்தூர், தேவிகுளம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியலில் அடிக்கடி வரும் கணக்கு ஒன்று உண்டு. ‘ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 4 பேரிடம் ஒடுங்கு பண்பு தெரிகிறது. அல்லீலின் நிகழ்வெண் என்ன? கடத்திகள் எத்தனை பேர்?’ கொடுத்திருப்பது ஒரே ஓர் எண். அதை வைத்து, வெளியே தெரியாத ஆட்களை எண்ணச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்குக்குப் பொருத்தமான நோய் பாலக்காட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. அட்டப்பாடியில் வாழும் இருளர், முடுகர், குறும்பர் மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் சோகைதான் அது. எல்லை தாண்டினால் நீலகிரி. அங்குள்ள மக்களிடம் இந்த மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952இல் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு S அல்லீல்களும் சேர்ந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் அவர் கடத்தி. பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்வார்.

நூறு பேர் என்றால் இருநூறு அல்லீல்கள். இந்த நூறு என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். S அல்லீலின் நிகழ்வெண்ணை q என்போம். இணை சேர்வதில் இந்த மரபணு குறுக்கிடவில்லை என்றால், ஒரு குழந்தைக்கு இரண்டு பக்கமும் S வருவதற்கான வாய்ப்பு q × q. அது 0.04 என்றால் q அதன் வர்க்கமூலம், 0.2. மற்ற அல்லீலான p 0.8. கடத்திகள் 2pq, அதாவது 0.32. நூற்றில் 32 பேர்!

பலர் வர்க்கமூலம் எடுக்க மறந்து 0.04ஐயே q என்று எழுதிவிடுகிறார்கள். தவறைக் கண்டுபிடிக்க அல்லீல்களை எண்ணினால் போதும். q 0.04 என்றால் இருநூறில் 8 S. நோயுள்ள நாலு பேரிடமே அந்த எட்டும் தீர்ந்துவிட்டன. கடத்திக்கு ஒன்றுகூட மிஞ்சாது. நலமாக இருக்கும் பெற்றோருக்கு நோயுள்ள குழந்தை எப்படிப் பிறந்தது? சரியான விடையில் S மொத்தம் 40. நோயாளிகளிடம் 8, கடத்திகளிடம் 32. ஐந்தில் நாலு பங்கு நலமானவர்களின் உடம்பில்தான் இருக்கிறது. ‘நலமாக இருக்கும் ஒருவர் கடத்தியாக இருக்க வாய்ப்பு என்ன?’ என்று கேட்டால் மட்டும் 32ஐ நூறால் அல்ல, நோயில்லாத 96 பேரால் வகுக்க வேண்டும். மூன்றில் ஒன்று.

இந்தச் சமன்பாட்டை 1908இல் தனித்தனியே கண்டவர்கள் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டியும். ஆறு வருடம் கழித்து நம் ராமானுஜனைத் தன்னருகே வரவழைத்த அதே ஹார்டிதான்.

தேர்வுத்தாளில் வர்க்கமூலம் சரியாக வருவதற்குக் காரணம், அங்கே எல்லோரும் ஒரே கூட்டம். அட்டப்பாடியில் மூன்று சமூகங்கள். பெரும்பாலும் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்பவர்கள். இரண்டு சமூகங்களில் நூறு நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் q 0.1 என்றால் நோயாளி ஒருவர், கடத்தி 18. இரண்டாவதில் q 0.3 என்றால் நோயாளிகள் 9, கடத்தி 42. இரண்டையும் கலந்து எண்ணினால் 200 பேரில் நோயாளிகள் 10, அதாவது 0.05. வர்க்கமூலம் ஏறக்குறைய 0.224, 2pq போட்டால் கடத்திகள் 69 பேர் என்று வரும். உண்மையில் இருப்பவர்கள் 60. q-வும் 0.2தான். சமன்பாடு பொய் சொல்லவில்லை; ஒன்றாக இல்லாததை ஒன்று என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

அரிவாள் செல் விஷயத்தில் இந்தப் பிழையைக் கையோடு பிடிக்க முடியும். ஹீமோகுளோபினை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் சோதனையில் கடத்தியின் ரத்தம் A, S என இரண்டு பட்டைகளைக் காட்டும். நோயாளியிடம் A பட்டை இருக்காது. ஆக, வர்க்கமூலமே தேவையில்லை: நோயாளிக்கு இரண்டு, கடத்திக்கு ஒன்று என்று S-ஐ நேரடியாகக் கூட்டி மொத்த அல்லீல்களால் வகுக்கலாம். அந்த q-வைக் கொண்டு எதிர்பார்த்த எண்ணையும் எண்ணிய எண்ணையும் ஒப்பிடலாம். கடத்திகள் குறைவாகவும் நோயாளிகள் கூடுதலாகவும் இருந்தால், கூட்டம் பிரிந்திருக்கிறது அல்லது நெருங்கிய உறவுக்குள் மணம் நடக்கிறது என்று தேடவேண்டும். பெரியவர்களை மட்டும் எண்ணியபோது நோயாளிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால், சிறு வயதிலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்களா என்று கேட்கவேண்டும். அதனால்தான் 0.04 என்ற எண் பிறந்த குழந்தைகளிடம் எடுத்ததா, முகாமுக்கு வந்த பெரியவர்களிடம் எடுத்ததா என்பது விடையையே மாற்றிவிடும்.