4, 9, 6 கொடுத்துப் பார்

"மக்களே, ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை லேப் முடிஞ்சதும் அஞ்சு பேர் லைப்ரரி பின்னாடி மரத்தடியில ஒரு மணி நேரம் உட்காருவோமா? அந்த வார புரோகிராமைப் பேசுவோம், பேப்பர்ல போட்டுப் பார்ப்போம். ஆனா முடிச்ச கோடை யாரும் அனுப்பக் கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது. ஓடலைன்னா எந்த இன்புட்டுக்கு ஓடலைன்னு சொல்லுங்க, சேர்ந்து தேடுவோம். வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தனியா முட்டி மோதிட்டு வாங்க."

பொறியியல் முதலாண்டு படிக்கும் என் அக்கா மகள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் இதை எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: "மாமா, இதைப் போட்டா படிப்ஸ்னு ஓட்டுவாங்களா?"

ஓட்டுவார்கள், சந்தேகமில்லை. நான் படித்த காலத்தில் ரெக்கார்டு நோட்டு வைக்கவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு ஒருவனுடைய புரோகிராம் விடுதி முழுக்கச் சுற்றும். ஒருமுறை அவன் `number` என்பதை `nubmer` என்று தட்டியிருந்தான். மறுநாள் காலை முப்பது நோட்டுகளில் அதே `nubmer`. அன்று அது கையால் எழுதிச் சுற்றியது, இன்று போட்டோவாகச் சுற்றுகிறது. வேறு வித்தியாசம் இல்லை.

கோடைக் கொடுக்காமல் எப்படி உதவ முடியும் என்பதுதான் அந்தச் செய்தியைப் படிப்பவருக்கு முதலில் எழும் சந்தேகம். முதலாண்டு சி லேபில் எல்லாரும் போடும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களின் வரிசை ஒன்றைக் கொடுத்தால் அதில் இரண்டாவது பெரிய எண் எது என்று புரோகிராம் சொல்ல வேண்டும். `max`, `second` இரண்டையும் 0 என்று தொடங்கிவிட்டு, பெரும்பாலானவர்கள் முதல் முயற்சியில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

```c
if (a[i] > max) {
    second = max;
    max = a[i];
}
```

புதிதாக ஒரு பெரிய எண் வந்தால் பழைய பெரியது இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. 3, 7, 9 கொடுத்தால் 7 என்று சொல்கிறது, அதுவும் சரி. எழுதியவர் நிம்மதியாக எழுந்து போய்விடுவார். எண்கள் ஏறுவரிசையில் இருந்ததால்தான் விடை சரியாக வந்தது என்பது அவருக்குத் தெரியாது.

மரத்தடிக் கூட்டத்துக்கு இப்போதுதான் வேலை. பிழை எந்த வரியில் என்று பக்கத்தில் இருப்பவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றே வையுங்கள். வரியைச் சொல்லிக் கொடுத்தால் அரை நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும், கேட்டவனும் திருத்திக்கொள்வான். ஆனால் அடுத்த புரோகிராமிலும் அதே குழியில் விழுவான். அதற்குப் பதில் அவள், "4, 9, 6 கொடுத்துப் பார்" என்கிறாள். அவ்வளவுதான். புரோகிராம் 4 என்கிறது. வர வேண்டியது 6.

அவன் ஒரு தாளை எடுத்து வரும் எண், `max`, `second` என்று மூன்று கட்டம் போடுகிறான். 4 வருகிறது: `max` 4, `second` 0. 9 வருகிறது: `second` 4, `max` 9. அடுத்து 6. ஒன்பதைவிட 6 பெரியதா? இல்லை. கட்டத்தில் எதுவும் மாறவில்லை. "அப்போ 6 எங்கே போச்சு?" என்று அவனே கேட்கிறான். எங்கும் போகவில்லை. முதலிடத்துக்குப் போதாத எண், இரண்டாமிடத்துக்காவது தகுதியா என்று கேட்க ஆளில்லாமல் வெளியே போய்விட்டது. அந்தக் கேள்வியை நிரலில் எந்த இடத்தில் வைப்பது என்பதை அவனே எழுதட்டும். நானும் இங்கே எழுதப்போவதில்லை.

பிழையைக் காட்டிக்கொடுக்கும் இன்புட்டை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பகிரலாம். அதைக் காப்பியடித்து யாரும் மதிப்பெண் வாங்கிவிட முடியாது. -5, -2, -9 என்று இன்னொருத்தி கொடுத்தால் விடை 0 என்று வரும். வரிசையிலேயே இல்லாத எண் விடையாக வருகிறதே என்று பார்த்தால், தொடக்கத்தில் 0 போட்டது தவறு என்று பிடிபடும். 9, 9, 7 என்று கொடுத்தால் வேறொரு வம்பு: இரண்டாவது பெரியது 9ஆ, 7ஆ? இது நிரலில் உள்ள பிழையே அல்ல, கேள்வியில் உள்ள தெளிவின்மை. ஆசிரியரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

இப்படிச் சேர்ந்து பேசுவதற்கு அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. 1960களில் வந்த ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரின் பெயரில் வழங்குவது. நண்பர்களோடு எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம், ஆனால் பலகையை அழித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போக வேண்டும். பிறகு அந்தத் தொடரைப் போல மூளைக்கு வேலை தராத எதையாவது அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும். அதற்குள் மனப்பாடமாக ஒட்டியிருந்த வரிகள் உதிர்ந்துவிடும், புரிந்தது மட்டும் மிஞ்சும். நம் பிள்ளைகளுக்கு டிவி தேவையில்லை, வீட்டுக்குப் போகும் பஸ் போதும்.

குழு வழிதவறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் முடித்தவன் பொறுமை இழந்து வாயாலேயே கோடைச் சொல்ல ஆரம்பிப்பான். "ஒரு ஃபார் லூப் போடு, உள்ளே இஃப், அப்புறம் எல்ஸ் இஃப்…" திரையைக் காட்டவில்லைதான், ஆனால் இது டிக்டேஷன். இது நடந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மறுநாள், அதே புரோகிராமை மூன்றாவது பெரிய எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள். புரிந்தவர் கட்டம் போட ஆரம்பிப்பார். டிக்டேஷன் எழுதியவர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். வைவாவில் ஆசிரியர்கள் கேட்பதும் இப்படித்தான்.

பெயர்களை மாற்றிவிட்டால் காப்பி தெரியாது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். அலெக்ஸ் ஐக்கன் என்ற பேராசிரியர் 1994இல் உருவாக்கிய ‘மாஸ்’ என்ற மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. அது மாறிகளின் பெயரையும் இடைவெளியையும் பொருட்படுத்தாமல், நிரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போல ஓர் எண் கொடுத்து ஒப்பிடுகிறது. `max` என்பதை `big` என்று மாற்றுவதெல்லாம் அதனிடம் எடுபடாது. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மேலே பார்த்ததைப் போன்ற பத்துவரி புரோகிராமை அறுபது பேர் தனித்தனியாக எழுதினாலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒற்றுமையை மட்டுமே அது காட்டும், காப்பியா இல்லையா என்று ஆசிரியர்தான் படித்துப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

அக்கா மகளிடம் இரண்டே திருத்தம் சொன்னேன். முதலில் ஆசிரியரிடம் கேட்டுவிடு, சில பாடங்களில் சேர்ந்து பேசுவதற்கே அனுமதி இருக்காது. அனுமதி கிடைத்தால், யார் யாரோடு பேசினோம் என்று புரோகிராமின் முதல் வரியில் கமென்ட்டாக எழுதிவிடுங்கள். அவள் போய்க் கேட்டாள். "பேசுங்க, ஆனா நோட்டு தனித்தனியா இருக்கணும்" என்றாராம் அவர். செய்தி அன்று இரவே போனது. படிப்ஸ் என்று ஏழு பேர் ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமை மரத்தடிக்கு வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி ஓட்டிய ஏழு பேரில் ஒருத்தி.