புதுமனை புகும் அன்பர்க்கு நம் வாழ்த்து

மாதுங்காவில் முப்பது ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த நம் சங்க அன்பர் ஒருவர், வரும் தை மாதம் டோம்பிவிலியில் சொந்த வீட்டில் குடும்பத்துடன் குடிபுகுகின்றார். ஆடியும் மார்கழியும் விலக்கி நாள் குறித்திருக்கின்றனர். செய்தி கேட்டு நாம் பெருமகிழ்வு எய்தினோம்.

வீடோ ஆறாம் மாடியில். ஊரில் செய்ததெல்லாம் இங்கே இயலுமா என்று இல்லத்தரசியார் கவலையுற்றார். பசுவும் கன்றும் மாடியேற மாட்டா; அவற்றின் சிறு உருவத்தை வைத்து வழிபடுவதைப் பெரியோர் ஏற்கின்றனர். ஓமத்திற்குத் தரையில் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கிக் குண்டம் அமைத்தல் வேண்டும். இல்லையேல் வெப்பத்தால் தரை ஓடு வெடித்துவிடும். புகை கண்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி கட்டடத்தில் இருப்பின், முன்னதாகவே காவலரிடம் சொல்லிவைப்பது நலம். மந்திரத்தின் நடுவே அம்மணி அலறினால் சாஸ்திரிகளே ஓடிவிடுவார்!

ஆயினும் அம்மையாரின் உண்மையான கவலை பாலைப் பற்றியதே. உறவினர் வீடொன்றில் பால் பொங்குவதற்குப் பதிலாகத் திரிந்துவிட்டதாம். அதை அபசகுனமென்று எண்ணி அவ்வீட்டார் நெடுநாள் மனம் வாடினர். நாம் விசாரித்ததில் காரணம் தெரிந்தது: புதிய பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுப் பளபளப்பாகத் தேய்த்தவர்கள், சரியாக அலம்பவில்லை. விளிம்பின் மடிப்பில் தங்கிய புளிப்பே பாலைத் திரித்தது. ஆகவே உள்ளே ஈயம் பூசிய பாத்திரத்தையே கொள்க. இரண்டு மூன்று முறை நன்கு அலம்புக. முதல்நாள் வாங்கி வெளியில் வைத்த பாலும் ஆகாது. ஐயமிருப்பின் ஒரு கரண்டிப் பாலை வேறு பாத்திரத்தில் காய்ச்சிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பொங்குவதற்கும் ஒரு முறை உண்டு. பால் சுடும்போது மேலே ஆடை படியும். அடியிலிருந்து எழும் ஆவி அதனைத் தூக்கிக்கொண்டு வெளிவருவதே பொங்குதல். அகன்ற வாணலியில் ஆவி எளிதாக வெளியேறிவிடும். துழாவினாலும் ஆடை கலைந்துவிடும். வாய் குறுகிய பாத்திரத்தில் முக்கால் அளவு தண்ணீர் கலவாத பால் வார்த்து, துழாவாமல் காத்திருந்தால் போதும். புது வீட்டில் குழாய் எரிவாயு இணைப்புப் பெரும்பாலும் அன்றைக்குள் வந்திராது. சிறு அடுப்பொன்றைக் கையோடு கொண்டு செல்க. பொங்கியவுடன் அடுப்பைத் தணிக்கவும் மறவற்க.

குத்துவிளக்கும் நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் அரிசியும் முதலில் உள்ளே செல்லட்டும். பொங்கிய பாலில் அண்டை வீட்டு மராத்தியருக்கும் குஜராத்தியருக்கும் ஒரு குவளை கொடுங்கள். எதிர்வீட்டு மலையாளிக்கு விளக்கமே வேண்டாம். அவர் ஊரில் இவ்விழாவின் பெயரே பால் காய்ச்சல்தான்.

அன்பரும் அம்மையாரும் மக்களும், ஊரிலிருந்து வரும் பெற்றோரும், அப்புதுமனையில் பதினாறு பேறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க! அன்று விடியற்காலை முதல் வண்டியிலேயே நாமும் வந்து சேர்வோம்.