இரண்டு பேர் படிக்கும் கடிதம்

தம்பி மகள் போன வாரம் ஒரு மின்னஞ்சல் வரைவை அனுப்பி, "பெரியப்பா, பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள், பத்து வரிதான்" என்றாள். தனக்குத் தெரிந்த இருவரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்கிற கடிதம் அது. ஒருவர் சென்னையில் கட்டடக்கலைஞர். மற்றவர் காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்துச் செய்பவர். பத்து வரியைப் படித்துத் திருத்த முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்துப் பிழைக்கு அதில் ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை.

இருவரின் பெயரையும் இங்கே மாற்றி, கயல்விழி, முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். வரைவு இப்படி இருந்தது:

"பொருள்: அறிமுகம்

அன்புள்ள கயல்விழி மேடம் அவர்களுக்கும் முருகேசனுக்கும் வணக்கம். நலம்தானே? வெகு நாளாக எழுத நினைத்து இன்றுதான் நேரம் கிடைத்தது. கயல்விழி மேடம் அவர்கள் சென்னையில் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர், பல பெரிய வேலைகளைச் செய்தவர்கள். முருகேசன் காரைக்குடியில் சுண்ணாம்பு பூச்சு வேலை நன்றாகச் செய்வார். நீங்கள் தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து வருவதால் உங்கள் அனுபவம் உங்களுக்குப் பயன்படும் என்று நினைத்தேன். குறைந்த செலவில் முடித்துத் தருவார். நீங்கள் இருவரும் தொடர்பு கொண்டு பேசிக்கொள்ளவும்."

மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுப்பிழை ஒன்றுதான்: 'சுண்ணாம்புப் பூச்சு' என்று ப் வர வேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தை ஒருவர் மட்டும் படிக்கப் போவதில்லை. இருவர் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள்; ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மற்றவரிடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்கிறார்கள். அதனால் நான் இதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கயல்விழியாக, அடுத்த தடவை முருகேசனாக.

முருகேசனாகப் படித்தபோது முதல் வரியிலேயே குத்தியது. அவருக்கு 'மேடம்', 'அவர்கள்' இரண்டும். எனக்கு வெறும் பெயர். அவர் 'பெயர்பெற்றவர்', நான் 'நன்றாகச் செய்பவன்'. எழுதியவள் வேண்டுமென்று செய்யவில்லை. கயல்விழியிடம் அவள் பேசும் விதம் அப்படி, முருகேசனிடம் பேசும் விதம் இப்படி. தனித்தனியாக எழுதியிருந்தால் இரண்டும் சரி. ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது தட்டு ஒரு பக்கம் இறங்கிவிடுகிறது. வணக்க வரியில் இருவருக்கும் 'அவர்கள்' போட்டுவிட்டு, உள்ளே இருவருக்கும் வெறும் பெயரோடு 'ஆர்' விகுதி போதும் என்று மாற்றினேன். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 'அவர்கள்' என்று தொடங்கினால் வினையும் 'செய்கிறார்கள்' என்று நீள வேண்டும். பாதியில் மறந்து 'செய்கிறார்' என்று முடிப்பது நாம் தினமும் பார்க்கும் பிழை. உள்ளே 'அவர்கள்' இல்லையென்றால் அந்தத் தடுமாற்றத்துக்கே இடமில்லை.

அடுத்து, 'குறைந்த செலவில் முடித்துத் தருவார்.' முருகேசனாகப் படித்தால் இது மரியாதைக் குறைவைவிடப் பெரிய சிக்கல். வீட்டைப் பார்க்காமல், சுவர் எத்தனை சதுர அடி என்று தெரியாமல், அவர் சார்பில் யாரோ விலை பேசிவிட்டார்கள். சுண்ணாம்பைக் குழைத்துப் புளிக்கவிட்டு, பல பூச்சாகப் பூசித் தேய்க்கும் வேலை, சிமெண்ட் பூச்சைப்போல ஓரிரு நாளில் முடியாது. அந்த வரியை அடித்துவிட்டேன். அறிமுகம் செய்பவர் தான் கண்ணால் கண்டதைச் சொல்லலாம். பிறர் சார்பில் வாக்குக் கொடுக்கக் கூடாது. "அவர் வேலையை நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பார்த்ததாகச் சொன்னாள். அதுவே ஒரு வரியாகிவிட்டது. 'நன்றாக', 'பெயர்பெற்ற' இரண்டும் தேவையில்லாமல் போயின.

கயல்விழியாகப் படித்தபோது ஆறாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். 'உங்கள் அனுபவம் உங்களுக்குப் பயன்படும்.' யார் அனுபவம் யாருக்கு? எழுதியவள் மனதில் முதல் 'உங்கள்' முருகேசன், இரண்டாவது கயல்விழி. அவள் எத்தனை தடவை படித்தாலும் இந்தப் பிழை அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் விடை அவளிடம் இருக்கிறது. அறிமுகக் கடிதத்தில் 'நீங்கள்', 'உங்கள்', 'தங்கள்' எங்கெல்லாம் வருகின்றன என்று விரல் வைத்துப் பாருங்கள். 'இருவரும்' என்ற சொல் கூடவே இல்லையென்றால் அங்கே பெயரைப் போடுங்கள். பெயர் திரும்பத் திரும்ப வந்தாலும் பரவாயில்லை.

கடைசி வரி பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை நடக்காது. 'பேசிக்கொள்ளவும்' என்றால் அவர் எழுதட்டும் என்று இவரும், இவர் எழுதட்டும் என்று அவரும் காத்திருப்பார்கள். தேவை யாருக்கோ அவர் முதலில் எழுதுவதுதான் முறை. அவர் என்ன அனுப்புவார் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. இதற்குக் கயல்விழியிடம் கேட்டாக வேண்டும். கேட்டபோதுதான் தெரிந்தது, முருகேசனிடம் எண்ணையும் முகவரியையும் கொடுக்கலாமா என்று அவள் கேட்கவே இல்லை. அன்று மாலையே இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கினாள். அதற்குப் பிறகு எழுதியது இது:

"பொருள்: தேவகோட்டை வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு – கயல்விழி, முருகேசன் அறிமுகம்

கயல்விழி அவர்களுக்கும் முருகேசன் அவர்களுக்கும் வணக்கம்.

கயல்விழி சென்னையில் கட்டடக்கலைஞர். தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து வருகிறார். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தவரைத் தேடுகிறார்.

முருகேசன் காரைக்குடியில் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறார். கானாடுகாத்தானில் அவர் பூசிய வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சுவர்களின் படங்களையும் அளவுகளையும் கயல்விழி இந்த வாரம் முருகேசனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இனி நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். என்னைச் சேர்க்க வேண்டியதில்லை.

அன்புடன்"

நலம் விசாரிப்பும், நேரம் கிடைக்காத கதையும் போய்விட்டன. அவை இருவரில் யாரை நோக்கி என்று தெரியாத வரிகள். தனிக் கடிதத்துக்கு உரியவை. பொருள் வரியில் வெறும் 'அறிமுகம்' என்று இருந்தால் மூன்று மாதம் கழித்து முருகேசன் தேடும்போது எந்த அறிமுகம் என்று தெரியாது. ஊரும் வேலையும் இருந்தால் கிடைத்துவிடும்.

பிறகு கண்ணால் மட்டும் செய்ய வேண்டிய வேலை. பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தோம். 'கயல்விலி' என்று ஓரிடத்தில் தட்டச்சாகியிருந்தது. பெயர்களைப் பொறுத்தவரை எழுத்துப் பிழை காட்டும் மென்பொருளை நம்பாதீர்கள். அந்த மனிதரே அனுப்பிய பழைய மின்னஞ்சலின் கையொப்பத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முகவரியையும் அப்படியே. இரண்டு எழுத்து அடித்ததும் மின்னஞ்சல் தானாகவே ஒரு முகவரியை நிரப்பிவிடும். அது அதே பெயருள்ள வேறொருவருடையதாக இருக்கலாம். இருவரையும் To வரியிலேயே போட்டோம். ஒருவரை To-விலும் மற்றவரை Cc-யிலும் போட்டால் மறுபடியும் ஒருவர் கீழே இறங்கிவிடுகிறார். Bcc-யில் போட்டால் அவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது, அறிமுகமே நடக்காது.

Bcc-க்கு உரிய இடம் அடுத்த கடிதம். கயல்விழி பதில் எழுதும்போது அறிமுகம் செய்தவளை Bcc-க்கு மாற்றினால், பேச்சு தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அதன்பின் Reply all அழுத்தினாலும் அவர்களுடைய விலைப் பேச்சு அவள் பெட்டியில் வந்து விழாது.

ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பிடிக்க Undo Send என்று ஒரு வசதி இருக்கிறது. நாம் மாற்றாதவரை அது 5 விநாடிதான் நிற்கும். அமைப்புகளுக்குள் போய் அதை 30 விநாடியாக மாற்றி வையுங்கள். முகவரி வரியை இன்னொரு தடவை பார்க்க அது போதும்.