தூக்க மாத்திரை மனத்தையும் தேற்றுமா?

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் பிரட்டுக்குப் போக விடியுமுன்னே எழ வேண்டும். இரவு ஒரு மணிக்குத் தூங்கினாலும் நான்கரை மணிக்கு அலாரம் அடித்துவிடும். அதனால் தூக்கம் கெட்டவர் முதலில் தேடுவது சீக்கிரம் சாய்த்துவிடும் மாத்திரையைத்தான். பாலம் தாண்டித் தெலுக் பங்லிமா காராங்கிலோ கிள்ளானிலோ ஒரு தனியார் கிளினிக்கில் “டாக்டர், தூக்கமே வரமாட்டேங்குது” என்றால் கையில் ஒரு சிறு பொட்டலம் கிடைக்கும். மனம் சோர்ந்து கிடப்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்லாததற்கு மருந்தும் கிடைக்காது.

மனச்சோர்வும் தூக்கமின்மையும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் கேட்கும் ஒன்பது கேள்விகளில் மூன்றாவது கேள்வியே தூக்கத்தைப் பற்றியதுதான். நம் நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வு பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. 2023 ஆய்வில் அது 4.6 விழுக்காடாகி, ஏறத்தாழ பத்து லட்சம் பேரைத் தொட்டது. இவர்களில் பலர் தூக்கத்துக்காக எதையாவது விழுங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த ‘எதையாவது’ எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில மருந்துகள் இரண்டுக்கும் உதவும். சில தூக்கத்தை மட்டும் தரும். சில தூக்கத்தைக் கொடுத்து மனத்தை இன்னும் கீழே தள்ளும்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 46, தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். மனச்சோர்வுக்காக அரசாங்க கிளினிக்கில் செர்ட்ராலின் 50 மில்லிகிராம் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. “மாத்திரை என்றால் ராத்திரிதானே” என்று அதைப் படுக்கப் போகும்போது போடுகிறார். தூக்கம் வராததால் தனியார் கிளினிக்கில் வாங்கிய அல்பிரசோலத்தை மூன்று மாதமாகத் தினமும் விழுங்குகிறார். அது அரை மில்லிகிராம் மாத்திரை. எட்டு மணிக்கே பாயில் சாய்ந்துவிடுகிறார். இரண்டரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது இன்னொன்று போட்டுக்கொள்கிறார். காலையில் தலை கனத்துக் கிடக்கிறது. பேச்சுக் குறைந்துவிட்டது, எதிலும் நாட்டமில்லை.

இவருக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதுவதற்கு முன் செர்ட்ராலின் நேரத்தைப் பார்க்க வேண்டும். இந்த வகை மனச்சோர்வு மருந்துகள், குறிப்பாக ஃப்ளூஒக்செட்டினும் செர்ட்ராலினும், சிலரை உசுப்பிவிடும். தொடக்க வாரங்களில் படபடப்பும் தூக்கக்கேடும் அதிகம். இதைக் காலை உணவோடு எடுத்தாலே சிலருக்கு இரவு சீராகிவிடுகிறது. இன்னொன்று, 50 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு. ஆறு வாரத்திலும் மனம் தேறவில்லையென்றால் மருத்துவர் அளவைக் கூட்டலாமா என்று பார்ப்பார். விடியற்காலைக்கு வெகு முன்பே விழித்துக்கொள்வது மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. அடிப்படை நோயைப் பாதி அளவில் வைத்துக்கொண்டு தூக்கத்தை மட்டும் அடக்கப் பார்த்தால் இரண்டும் சரியாகாது.

அடுத்தது அல்பிரசோலம். அல்பிரசோலம், லோராசெபாம், டயசெபாம் என்று இந்தக் குடும்பம் பெரியது. முதல் வாரத்தில் இவை செய்யும் நன்மையை மறுக்க முடியாது. மனச்சோர்வு மருந்தோடு இந்த வகையைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் குழு, முதல் நான்கு வாரங்களில் சேர்த்துக் கொடுத்தவர்கள் சற்று முன்னேறினார்கள் என்றும், அதற்குப் பிறகு வித்தியாசம் இல்லை என்றும் 2019இல் எழுதியது. ஆகவே இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு வாரம் என்று எல்லை போட்டுக் கொடுத்தால் அது உதவி. எல்லை இல்லாமல் மூன்று மாதம் போனால் கதை மாறுகிறது. உடல் பழகிவிடுகிறது, அதே அளவு போதாமல் போகிறது. அல்பிரசோலம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், இறங்கும்போது பதற்றம் திரும்பி வரும். நம் பெண்மணியின் இரண்டரை மணி விழிப்பில் பாதி நோய், பாதி மருந்து இறங்குவது. பகலில் மந்தமும் மறதியும் வரும். அது மனச்சோர்வு முற்றியது போலவே தெரியும், வீட்டாருக்கு மட்டுமல்ல, அவசரத்தில் இருக்கும் டாக்டருக்கும். பீரோ சம்சுவோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் கண்காணிப்பில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து முதல் பத்து விழுக்காடு என்ற கணக்கில் மெல்லக் குறைப்பதே முறை. சிலருக்கு அதற்கு மாதக்கணக்காகும்.

சோல்பிடம் ‘பழக்கம் வராத தூக்க மாத்திரை’ என்ற பெயரோடு புழங்குகிறது. அந்தப் பெயர் முழு உண்மையல்ல. சோல்பிடம் சேர்ந்த குடும்பத்தை வைத்து ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. மனச்சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்திருந்த 545 பேருக்கு ஃப்ளூஒக்செட்டின் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு எசோபிக்லோன் என்ற தூக்க மாத்திரையும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் எட்டு வாரம். எசோபிக்லோன் எடுத்தவர்கள் நன்றாகத் தூங்கியதோடு மனச்சோர்விலிருந்தும் வேகமாக மீண்டார்கள். 2006இல் வந்த இந்த முடிவைப் பார்த்து, தூக்கத்தைச் சரிசெய்தால் மனமும் சரியாகும் என்ற நம்பிக்கை பிறந்தது. பிறகு எசிடாலோபிராமோடு நீடித்து வேலை செய்யும் சோல்பிடத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். தூக்கம் சரியானது, மனச்சோர்வில் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே குடும்பத்து மாத்திரைகள் இரண்டு, விடை இரண்டு. ஆகவே ‘தூங்கினாலே மனம் தேறிவிடும்’ என்று சோல்பிடத்தை நம்பி மனச்சோர்வு மருந்தைக் கைவிடுவது தவறு. மனச்சோர்வு உள்ளவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடுவதாக இந்த மாத்திரைகளின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. தூக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக அமெரிக்க மருந்து ஆணையம் 2019இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. பெண்களின் உடலில் சோல்பிடம் மெதுவாகக் கரைவதால் 2013லேயே பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்திருந்தது. இதைப் போட்டால் ஏழெட்டு மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும். இரவு ஒரு மணிக்குப் போட்டுவிட்டு நாலரைக்கு எழுந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுவது விபத்தை விலைக்கு வாங்குவதுதான்.

இரண்டுக்கும் உதவக்கூடிய மருந்து என்று மருத்துவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது மிர்டாசபின். இது மனச்சோர்வு மருந்துதான், ஆனால் ஒவ்வாமை மாத்திரைகள் அடைக்கும் அதே ஏற்பியை அடைப்பதால் தூக்கம் வரவழைக்கும். இரவில் 15 மில்லிகிராமில் தொடங்கி 45 வரை போவார்கள். இதில் விசித்திரம் என்னவென்றால், அளவு குறைவாக இருக்கும்போதுதான் மயக்கம் தூக்கலாகத் தெரியும். அளவு கூடினால் மற்ற வேலைகள் மேலெழுந்து தூக்கத்தன்மை சற்று மட்டுப்படும். ஏழரை மில்லிகிராம் போட்டு நன்றாகத் தூங்குகிறவர், மனச்சோர்வுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடுவார். போதாது.

இதன் பலவீனம் பசி. எடை ஏறும், சர்க்கரையும் ஏறும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, நாட்டின் சராசரியோ 18.3. எனவே நம் சமூகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நம் பெண்மணிக்கு மிர்டாசபின் தொடங்கினால் எடையையும் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் மருந்தை மாற்றும் யோசனை வரும். அகோமெலட்டின் என்ற மருந்து தூக்க ஹார்மோனான மெலட்டோனின் போல வேலை செய்து மனத்துக்கும் உதவும், எடையைப் பெரிதாக ஏற்றாது. ஆனால் கல்லீரல் பரிசோதனையைத் தொடங்கும்போதும், பிறகு 3, 6, 12, 24ஆம் வாரங்களிலும் எடுக்க வேண்டும். விலையும் கூட.

அமிட்ரிப்டிலினையும் சொல்லியாக வேண்டும். நீரிழிவால் கால் எரிகிறது என்று போனால் இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் எழுதுவார்கள், தூக்கமும் வரும். மனச்சோர்வுக்கான மாத்திரை என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து, தனக்கு மனச்சோர்வு சிகிச்சை நடப்பதாக ஒருவர் எண்ணலாம். மனச்சோர்வுக்கான அளவு 75க்கு மேல். அந்த அளவில் மலச்சிக்கல், வாய் வறட்சி, எழும்போது தலைசுற்றல் என்று சுமை அதிகம். அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் இதை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வேறொருவர் பொறுப்பில் வைப்பதே நல்லது.

மருந்தகத்தில் வாங்கும் சளி, அரிப்பு மாத்திரைகளைத் தூக்கத்துக்கு எடுக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. சில நாளில் பலன் மறைந்துவிடும், மனச்சோர்வுக்கு அவை எதுவும் செய்யாது, வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைக்கும், குழப்பமும் வரும்.

மாத்திரையே இல்லாத வழிதான் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை என்பது இன்று உலக வழிகாட்டுதல்களின் கருத்து. எட்டு மணிக்குப் படுத்து ஐந்து மணி வரை கிடந்து ஆறு மணி நேரம் மட்டும் தூங்குகிறவர், பத்தரைக்கு மேல்தான் படுக்க வேண்டும். காலையில் எழும் நேரம் மாறவே கூடாது. இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். தூக்கம் வந்த பிறகு திரும்பிப் படுக்கலாம். முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொக்கும், அந்நாட்களில் கவனமாக வண்டி ஓட்ட வேண்டும். எசிடாலோபிராமோடு இந்தப் பயிற்சியும் பெற்றவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மனச்சோர்வு முழுதும் விலகியதாகவும், பயிற்சி இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்கே விலகியதாகவும் 2008இல் 30 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வு சொன்னது. சிறு ஆய்வுதான், ஆனாலும் கவனிக்கத்தக்க முடிவு. எந்த வழியில் தொடங்கினாலும், சில நாள் தூக்கமே தேவைப்படாமல் துள்ளலாக இருந்த அனுபவம் எப்போதாவது உண்டென்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது சிகிச்சை முற்றிலும் வேறு. கணவர் “நீ குறட்டை விடும்போது மூச்சே நின்னு போவுது” என்றால் அதையும் சொல்லுங்கள். மூச்சடைப்பு உள்ளவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்து.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், எந்த நேரத்தில் எதைப் போடுகிறீர்கள் என்ற விவரத்தோடு ஒரு பையில் போட்டு அரசாங்க கிளினிக்குக் கொண்டு போங்கள். கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். “இந்த அளவு மனத்துக்கா, தூக்கத்துக்கா?” என்று ஒவ்வொரு அட்டைக்கும் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929.