சுருங்க மறுக்கும் நூல்

என் மேசை மேல் இரண்டு ஆண்டுகளாக ஒரு கப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. பெயர் 'டிரிங்கோமாலி'. நம் திருகோணமலையின் பெயரைத்தான் ஆங்கிலேயர் தங்கள் போர்க்கப்பலுக்கு அப்படி வைத்தார்கள். பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைக் கொத்தர் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12-ஆம் தேதி நீரில் இறக்கிய கப்பல் இது. இதன் வரைபடங்களை முதலில் 'ஜாவா' என்ற கப்பலில் அனுப்பினார்கள். அதை 1812 டிசம்பரில் அமெரிக்கர் பிடித்து அழித்துவிட, வரைபடங்களும் போயின. இரண்டாவது முறை அனுப்பிய பிறகுதான் வேலை தொடங்கியது. மூலக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்றும் நீரில் மிதப்பவற்றுள் இதுவே மூத்தது.

மாதிரிக் கப்பல் கட்டுவதில் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. நான் எடுத்துக்கொண்டது 1:64. நிஜத்தில் 64 சென்டிமீட்டர் உள்ளது என் மேசையில் ஒரு சென்டிமீட்டர். 64 என்ற எண் விசித்திரமாகத் தோன்றலாம். ஓர் அடி நீளத்தை அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்காக வரைந்தால் இந்தக் கணக்கு வரும். கால் அங்குலமாக வரைந்தால் 1:48. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வரைபடங்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கின்றன. டிரிங்கோமாலியின் பீரங்கித் தளம் 150 அடி. 1:48-இல் அது 95 சென்டிமீட்டர், 1:64-இல் 71. முன்னால் நீளும் மூக்குத்தடியும் மேலே எழும் பாய்மரங்களும் சேர்ந்தால் இன்னும் வளரும். வீட்டில் வைக்க இடமும், சின்ன முடிச்சைப் பார்க்கும் கண்ணும் இரண்டுமே ஒத்துக்கொள்ளும் அளவு எனக்கு 64.

அட்டையில் 27 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு மனிதனை வெட்டி வைத்திருக்கிறேன். நிஜத்தில் அவன் ஐந்தடி எட்டங்குலம். எதைச் செய்தாலும் அவனை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பேன். படியில் அவன் கால் வைக்க முடியுமா, கைப்பிடிச் சுவர் அவன் இடுப்புக்கு வருகிறதா என்று பார்த்தால், கணக்கில் விழுந்த பிழை உடனே தெரிந்துவிடும்.

ஆனால் நீள அகலங்களை மட்டும்தான் 64 மடங்கு சுருக்க முடியும். மரம் சுருங்காது, நூல் சுருங்காது, பூமியின் ஈர்ப்பும் சுருங்காது. மூலக் கப்பல் தேக்கு என்பதால் மாதிரியையும் தேக்கில் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு முதலில் சில பட்டைகள் அறுத்தேன். தேக்கின் நுண்துளைகள் கால் மில்லிமீட்டர் வரை இருக்கும். 64-ஆல் பெருக்கினால், கப்பலின் பலகையில் ஒன்றரை சென்டிமீட்டர் குழிகள். பார்த்த மாத்திரத்தில் 'இது சின்னது' என்று கண் சொல்லிவிடும். அதனால் ரேகை தெரியாத மரம் வேண்டும். மேலைநாட்டினர் பேரி மரத்தையும் லைம் மரத்தையும் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கம் மஞ்சக்கடம்பும், பொம்மை கடையும் வெட்பாலையும் இதற்குத் தோது.

உடலின் எலும்புக்கூடு எளிது. நடுவே ஏராக்கட்டையாக ஒரு நீளப் பலகை, அதன் குறுக்கே வரைபடத்தின்படி அறுத்த வங்குகள். சிரமம் பலகை அறையும்போதுதான் தொடங்கும். கப்பலின் வயிறு நடுவில் அகன்று, முன்னே அணியத்தில் ஒடுங்குகிறது. ஒரே அகலமுள்ள பட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால் நடுவில் சரியாக நிரம்பும்; முனையில் இடம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

என் கப்பலின் கணக்கையே சொல்கிறேன். பக்கவாட்டில் ஓடும் தடித்த பட்டிக்குக் கீழே ஏராக்கட்டை வரை, நடு வங்கின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்ட வைத்து அளந்தேன். 140 மில்லிமீட்டர். என் பட்டை 5 மில்லிமீட்டர் அகலம்; ஆகவே 28 பட்டைகள். முதல் வங்கில் அதே அளவு 84 மில்லிமீட்டர்தான். அதை 28-ஆல் வகுத்தால் 3. அதாவது ஒவ்வொரு பட்டையும் நடுவில் 5 ஆக இருந்து, முன்னே போகப் போக 3 மில்லிமீட்டராகச் சரிய வேண்டும். பாதிக்குக் கீழே, அதாவது இரண்டரைக்கும் குறைவாகக் கணக்கு வந்தால் முனை கூராகி நிற்காது. அப்போது இரண்டு பட்டைகளை நிறுத்தி ஒரே அகலப் பட்டையில் பொருத்த வேண்டும். பின்புறத்தில் நிலைமை தலைகீழ். அங்கே 154 வந்தது, ஆளுக்கு ஐந்தரை. இடைவெளியை ஆப்பு வடிவத் துண்டுகளால் நிரப்பினேன். நிஜக் கொத்தர்களும் இதையேதான் செய்தார்கள்.

பட்டை தன் தடிமன் பக்கம் எளிதாக வளையும், அகலப் பக்கம் வளையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு வாரம் பிடித்தது. மூன்றாவது பட்டையைக் கணக்குப் பார்க்காமல், சரிக்காமல், வெந்நீரில் ஊறவைத்து ஊசி குத்திக் கட்டாயப்படுத்தி ஒட்டினேன். இரவு பார்த்தபோது அழகாக இருந்தது. காலையில் ஊசியை எடுத்தேன். அணியம் பக்கம் பட்டையின் கீழ் விளிம்பு நகத்தின் தடிமன் அளவு எழுந்து நின்றது. விரலை ஓட்டினால் படிபோல் இடறும். அதைத் தேய்த்துச் சமன் செய்யலாம் என்று தோன்றும். தேய்த்தால் அந்த இடத்தில் மரம் காகிதமாகிவிடும், அடுத்த பட்டையும் அந்தக் கோணலையே பிடித்துக்கொள்ளும். நல்லவேளை, ஒட்டியது வெள்ளை மரப்பசை. ஈரத்துணி வைத்து ஊறவிட்டுக் கழற்றிவிட்டேன்.

அப்புறம் ஒரு பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு பட்டையையும் பசை இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்ப்பேன். கையை எடுத்த பிறகும் அது தானாகக் கிடக்க வேண்டும். துள்ளினால் இன்னும் சரிக்க வேண்டும் என்று பொருள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி ஒட்டுவேன். ஒரே பக்கம் ஐந்தாறு பட்டைகளை ஒட்டினால், காயும் இழுவையில் ஏராக்கட்டையே வில்லாகிவிடும். அதை அப்புறம் நிமிர்த்த முடியாது. இந்தக் கணக்கில் ஒரு மாலைக்கு இரண்டு பட்டைகளுக்கு மேல் போகாது. பசை காய எடுக்கும் நேரத்தை எவராலும் குறைக்க முடியாது.

உடல் முடிந்து பாய்மரங்களை நட்ட பிறகு கயிறு. மாதிரிக் கப்பல்கள் பலவும் தோற்பது இங்கேதான். முதல் பிழை கணக்கில். அந்தக் காலக் கடற்படையில் கயிற்றை அதன் சுற்றளவால் குறித்தார்கள். 'பதின்மூன்றரை அங்குலக் கயிறு' என்றால் சுற்றளவு அது, குறுக்களவு அல்ல. இதை மறந்தால் கயிறு மூன்று மடங்கு தடித்துவிடும். நடுப்பாய்மரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் பெருவடத்துக்கு ஒரு பழைய விதி உண்டு: அதன் சுற்றளவு பாய்மரத்தின் குறுக்களவில் பாதி. பாய்மரம் 27 அங்குலம் என்றால் வடத்தின் சுற்றளவு பதின்மூன்றரை, குறுக்களவு 4.3 அங்குலம், கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். 64-ஆல் வகுத்தால் 1.7 மில்லிமீட்டர். ஏணிப்படியாகக் கட்டும் மெல்லிய கயிறோ 0.2 மில்லிமீட்டர்தான் வரும். நூலின் தடிமனை அளக்க ஒரு பென்சில் போதும். நெருக்கமாக 20 சுற்று சுற்றி அகலத்தை அளந்து, 20-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நூலின் முறுக்கு. கடையில் வாங்கும் தடித்த நூல் நூலாகவே தெரியும், கயிறாகத் தெரியாது. அதனால் மெல்லிய நூல்களைச் சேர்த்து நாமே திரிக்க வேண்டும். தென்னை நார்க் கயிறு திரிக்கும் ராட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று இழைகளையும் தனித்தனியே முறுக்கேற்றி, மறுமுனையில் சேர்த்துவிட்டால், மூன்றும் எதிர்த்திசையில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு திரியும். இங்கே ஒரு சிக்கல். கப்பலின் சாதாரணக் கயிறு வலப்புரி. கடைத் தையல் நூலில் பெரும்பாலானவற்றின் முறுக்கும் அதே திசையில்தான் இருக்கும். அவற்றைத் திரித்தால் வருவது இடப்புரிக் கயிறு. நூலை எதிர்த்திசையில் முறுக்கித் திரிக்கப் பார்த்தால், அதன் இயல்பு முறுக்கு அவிழ்ந்து பஞ்சாகிவிடும். எதிர் முறுக்கு நூலைத் தேடித்தான் வாங்க வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எனக்குத் தெரிகிறது, அதனால் தேடினேன்.

பருத்தி நூலில் மயிர் சிலும்பும். அந்த மயிர் 64 மடங்கில் விரல் நீளத் தும்பு. தேன்மெழுகுக் கட்டியில் ஒரு முறை இழுத்து, விரல்களுக்கிடையே சூடேறும்வரை தேய்த்தால் படியும். நிறத்திலும் கவனம் வேண்டும். பாய்மரத்தைப் பிடிக்கும் நிலைக் கயிறுகள் தார் பூசியவை. ஆனால் அவற்றுக்கு அட்டைக் கறுப்பு கூடாது, கறுப்புக்கு அருகில் நிற்கும் அடர் பழுப்புதான் சரி. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் சணல் நிறம்.

பிறகு கயிற்றேணி. பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கயிறுகளின் குறுக்கே, மாலுமி ஏற வசதியாகப் படிக்கயிறுகள் போகும். படிக்குப் படி நிஜத்தில் ஓர் அடிக்குச் சற்று அதிகம், என் கப்பலில் 5 மில்லிமீட்டர். நடுப்பாய்மரத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரு பக்கத்துக்கு 8 கயிறுகள், சுமார் 45 படிகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு என்றால் 360. இரு பக்கமும் 720. முடிச்சுக்கு ஒரு நிமிடம் என்றாலும் பன்னிரண்டு மணி நேரம். நான் ஒரு நாளைக்கு ஆறு படி கட்டுவேன், நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் போனால் கை இறுக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் கூடுதலாக இறுகினால் பக்கக் கயிறுகள் உள்நோக்கி இழுபட்டு, ஏணி இடுப்பு ஒடுங்கிய உடுக்கைபோல் ஆகிவிடும். கட்டும்போது தெரியாது. பின்னால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட வெள்ளை அட்டையைச் செருகி, ஒவ்வொரு மூன்றாவது படிக்கும் அகலத்தை அளந்தால்தான் தெரியும். இப்படி இடப்பக்கத்தில் பதினோரு படிகளை அறுத்துவிட்டு மறுபடி கட்டினேன்.

கடைசியாக வருவது சுருட்டி மாட்டிய கயிறுகள். மேல்தளத்து ஓரத்தில் கயிற்றின் மிச்சத்தை வளையமாகச் சுருட்டித் தொங்கவிடுவார்கள். அங்கேதான் ஈர்ப்பு தன்னைக் காட்டுகிறது. மூலக் கயிற்றின் கனம் 64-இன் முக்கனத்தால், அதாவது இரண்டரை லட்சத்துக்கு மேல் வகுபட்டு என் கைக்கு வருகிறது. அந்தச் சுருள் தொங்காது, சிலும்பிய முடிபோல் நாலா பக்கமும் நிற்கும். அதனால் நீர்த்த பசையில் நனைத்து, நெய்த்தாள் சுற்றிய ஒரு குச்சியில் மாட்டி, அடிப்பகுதியைச் சற்றுக் கிள்ளி இழுத்து, பாரம் இருப்பதுபோல் நீள்வட்டமாக்கிக் காயவைக்க வேண்டும். நேற்று வைத்தவை நான்கு. மின்விசிறிக் காற்றில் ஒன்று குச்சியிலிருந்து வழுக்கி வட்டமாகிவிட்டது. அதை இன்று மறுபடி நனைத்து வைத்திருக்கிறேன்.