வென்படத்தில் முதலில் நடுப்பகுதி

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'கண மொழி' பாடம் வந்ததும், பயிற்சித் தாளை செல்போனில் படமெடுத்து விடை கேட்பது பல வீடுகளில் நடக்கிறது. ஒரு செவ்வகம், அதற்குள் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள். ஆங்கிலேயத் தர்க்க அறிஞர் ஜான் வென் 1880-இல் ஒரு கட்டுரையில் விளக்கிய படமுறை இது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். வகுப்பில் 50 பேர். கிரிக்கெட் ஆடுவோர் (A) 28, கபடி ஆடுவோர் (B) 23, இரண்டும் ஆடுவோர் 9. பிள்ளைகள் பெரும்பாலும் 28-ஐ இடது வட்டத்திலும் 23-ஐ வலது வட்டத்திலும் எழுதிவிட்டு, நடுவில் 9-ஐப் போடுகிறார்கள். கூட்டினால் 60 வருகிறது. வகுப்பில் இருப்பதோ 50 பேர்தான். இரண்டும் ஆடும் அந்த ஒன்பது பேர் 28-லும் இருக்கிறார்கள், 23-லும் இருக்கிறார்கள். அதனால் எப்போதும் நடுப்பகுதியில்தான் தொடங்க வேண்டும். 9-ஐ எழுதியபின் கிரிக்கெட் மட்டும் ஆடுவோர் 19, கபடி மட்டும் ஆடுவோர் 14. மூன்றும் சேர்ந்தால் 42. மீதி 8 பேர் வட்டங்களுக்கு வெளியே, செவ்வகத்துக்கு உள்ளே நிற்கிறார்கள்.

நிழலிடுவதில் தடுமாற்றம் வருவது A′∪B′ போன்ற கேள்விகளில்தான். A-க்கு வெளியே உள்ள இடமெல்லாம் படுக்கைக் கோடுகள் போடுங்கள். B-க்கு வெளியே உள்ள இடமெல்லாம் செங்குத்துக் கோடுகள். சேர்ப்பு என்றால், ஏதாவது ஒரு கோடு விழுந்த இடமெல்லாம் விடை. நடுப்பகுதி மட்டும் வெறுமையாக நிற்கும். வெட்டு என்றால், இரண்டு கோடுகளும் குறுக்கிடும் இடம் மட்டும். அது வட்டங்களுக்கு வெளியே உள்ள பகுதி. எண்ணியும் பார்க்கலாம்: முன்னதில் 19, 14, 8 சேர்ந்து 41 பேர், பின்னதில் 8 பேர்தான். வெறும் ∪, ∩ குறி மாறியதற்கே விடை இவ்வளவு விலகுகிறது.

போட்டோவில் வேறொரு சிக்கல் உண்டு. செவ்வகத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் அந்த வெளியிலிருக்கும் 8 காணாமல் போகும். போன் விழுத்தும் நிழல் பென்சில் நிழலைப் போலத் தெரியும். ஒரு பகுதிக்குள் 3, 5, 7 என்று எழுதியிருந்தால் அவை பெரும்பாலும் உறுப்புகள். விடை 3 உறுப்புகள், 15 அல்ல. தனியாக 9 என்று மட்டும் இருந்தால் அது எண்ணிக்கையா, ஓர் உறுப்பா என்பதைக் கேள்வியின் வாசகம்தான் சொல்லும். ஆகவே படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, செவ்வகத்தின் நான்கு பக்கங்களும் கேள்வியும் சேர்ந்து தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.