இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்தால் மூடி என்ன ஆகும்?

பெடல் வைத்த குப்பைத்தொட்டியில் அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு. மிதித்தால் மூடி முழுதாக எழும்பி நிற்காது. காலை எடுத்தால் முழுதாக மூடாது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் தொட்டியின் முதுகுப்பக்கம் ஓடும் ஒரே கம்பிதான்.

பெடல் ஒரு நெம்புகோல். அதன் முன்முனையைக் கால் அழுத்தும்போது பின்முனை மேலே எழும். அங்கே கொக்கியாக மாட்டியிருக்கும் கம்பி, மூடியை அதன் கீலுக்கு மிக அருகில் மேலே தள்ளும். சிறு நகர்வைப் பெரிய திறப்பாக மாற்றுவது இந்த நெருக்கம்தான். கம்பி தள்ளும் இடம் கீலிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். கம்பி சுமார் 19 மில்லிமீட்டர் ஏறினால் மூடி 75 பாகை திறக்கும். கொக்கியும் அது உட்காரும் துளையும் தேய்ந்து 2 மில்லிமீட்டர் ஆட்டம் கண்டுவிட்டால், அவ்வளவு தூரம் பெடல் சும்மா நகரும். மூடி 60 பாகையிலேயே நின்றுவிடும். தேய்மானம் இன்னும் கூடினால் கொக்கி துளையை விட்டு நழுவி, மிதித்துக்கொண்டிருக்கும்போதே மூடி டக்கென்று விழும்.

கம்பி வளைந்தாலும் இதே இழப்புதான். 30 சென்டிமீட்டர் கம்பி நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் புடைத்தால், அதன் இரு முனைகளும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நெருங்கிவிடும். அதோடு, வளைந்த கம்பியைத் தள்ளினால் அது இன்னும் வளையும். காலின் அழுத்தம் மூடிக்குப் போகாமல் வளைவிலேயே வீணாகும். புடைத்த இடம் தொட்டியின் சுவரில் உரசினால் கம்பி கீழே இறங்காது, மூடி திறந்தபடியே நிற்கும். எதிரெதிரான கோளாறுகள் ஒரே கம்பியில் கூடுவது இப்படித்தான்.

எது பழுது என்று கண்டுபிடிப்பது எளிது. கம்பியைக் கழற்றிவிட்டு மூடியைக் கையால் தூக்கி விடுங்கள். தானாக விழுந்து மூடினால் கீலில் குறையில்லை. பிறகு கொக்கி விளிம்புக்கு வெளியே இருக்கும்படி கம்பியைச் சமமான பலகையின் மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் துள்ளித் துள்ளி உருளும். புடைப்பு மேலே இருக்கும்படி மரப்பலகையில் வைத்து மெல்லத் தட்டினால் நிமிரும். ஒரே இடத்தில் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் உலோகம் களைத்து உடையும் என்பதால், கூர்மையாக மடங்கிய கம்பியை மாற்றிவிடுவதே நல்லது.

மாற்றும்போது பலர் கைக்குக் கிடைத்த சைக்கிள் ஸ்போக்கைப் போடுகிறார்கள். அது பொதுவாக 2 மில்லிமீட்டர் தடிமன். வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே 3 மில்லிமீட்டர் கம்பி இருந்த இடத்தில் ஸ்போக்கைப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு விறைப்புதான் மிஞ்சும். சீக்கிரமே மறுபடி வளையும். பழைய தடிமனுக்குக் குறையாத கம்பியே வேண்டும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதுக் கம்பியும் ஆடும். அதற்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி ஆட்டத்தைப் போக்க வேண்டும்.

நீளத்தில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. கம்பி 2 மில்லிமீட்டர் கூடினால், 25 சென்டிமீட்டர் மூடியின் முன்விளிம்பு இரண்டரை சென்டிமீட்டர் திறந்தே இருக்கும். ஈ நுழைய அது போதும்.